காரணம் கேட்டவளுக்கு வந்த பதில்

வேலை மறுக்கப்பட்டவர்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். காரணம் இருக்காது. கேட்டாலும் பதில் வராது. வந்தால் 'பொருத்தம் இல்லை' என்ற இரண்டு சொற்கள் வரும். அதே சொற்களால் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைத் தள்ளிவிட்டுப் போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எதற்குப் பொருத்தம், எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று அங்கும் யாரும் சொன்னதில்லை.

ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து என்னிடம் தமிழ் முதுகலை படித்த மாணவி ஒருத்தி, சிறுவர் நூல்கள் வெளியிடும் ஒரு நிறுவனத்தில் துணை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தாள். கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்து, தேர்வாகாமல் போனாள். மறுநாள் நான்கு வரியில் கேட்டு எழுதினாள்: 'முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கு முன் நான் திருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றோ இரண்டோ இருந்தால், நேரம் இருக்கும்போது சொல்ல முடியுமா?' ஐந்து நாள் கழித்து, ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. மாணவியின் அனுமதியோடு அதன் சாரத்தை இங்கே எழுதுகிறேன்.

தேர்வுத்தாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவியல் நூல் ஒன்றின் 12 பக்கக் கைப்பிரதி. மூன்று மணி நேரத்தில் செப்பனிட வேண்டும். ஒற்றுப்பிழை திருத்துவதில் இரண்டு பேரில் இவளே மேல் என்று கடிதம் முதலில் சொல்கிறது. அடுத்து: ஏழாம் பக்கத்தில் தவளையின் வாழ்க்கைக்கு மூன்று பருவங்கள் என்று எழுதியிருக்கிறது, பக்கத்துப் படத்தில் நான்கு இருக்கின்றன, அதை நீங்கள் கவனிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் பொருள் தெளிவில்லாத இரண்டு வாக்கியங்களை நீங்களே மாற்றி எழுதிவிட்டீர்கள். அவற்றில் ஒன்றில் பொருளே மாறிவிட்டது. நூலாசிரியரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதுவதற்கு ஓரத்தில் விட்டிருந்த இடம் 12 பக்கத்திலும் காலியாக இருந்தது. எங்கள் வேலையில் திருத்துவது பாதி, கேட்பது பாதி.

பிறகு நேர்காணல். திருத்தத்தை நூலாசிரியர் ஏற்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, கல்லூரி இதழில் 'எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுப்போம்' என்றீர்கள். இரண்டு முறை மாற்றிக் கேட்டும் அதையே சொன்னீர்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இன்னொருவர் ஒரு கட்டுரையை, ஒரு சச்சரவை, தான் விட்டுக்கொடுத்த ஒரு பத்தியைச் சொன்னார்.

அதற்கடுத்த பத்திதான் என்னை நிறுத்தியது. எது காரணமில்லை என்று அவர் எழுதியிருந்தார். உங்கள் ஊர்ப் பேச்சு காரணமில்லை. சென்னையில் எங்கே தங்குவீர்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டது மதிப்பெண்ணில் சேரவில்லை, அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. மூன்று பேரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட்டோம்; மேலே சொன்னவை அந்தத் தாள்களில் உள்ளவை. மற்றவருக்குப் பாடநூல் வேலையில் இரண்டாண்டு அனுபவம் இருந்தது. இவையெல்லாம் சரியாக இருந்திருந்தாலும் அதனால் முடிவு இதுவாகவே இருந்திருக்கலாம்.

இந்தக் கடிதத்தில் ஆறுதல் மிகக் குறைவு. ஆனால் இதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். 'தன்னம்பிக்கை போதாது' என்று அவர் எழுதியிருக்கலாம்; நம் பெண்களுக்கு அதைத்தான் எழுதுவார்கள். பணி மதிப்பீட்டு அறிக்கைகளை ஆராய்ந்த ஷெல்லி கோரல், கரோலின் சிமார்ட் ஆகியோர், பெண்களுக்குக் கிடைப்பது தெளிவற்ற கருத்துகளாகவே இருக்கும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்று 2016இல் எழுதினார்கள். அது வேலையில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுதான், மறுக்கப்பட்டவர்களைப் பற்றியது இல்லை. ஆனாலும் வித்தியாசம் விளங்கும். தன்னம்பிக்கை என்றால் ஒருத்தி தன் சுபாவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த வாக்கியம் வரவில்லை என்றால், அந்த வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளலாம். இத்தனைக்கும் அந்தக் கல்லூரி இதழை மூன்று ஆண்டு ஏறக்குறையத் தனியாக நடத்தியவள் அவள். 'நான்' என்று சொன்னால் திமிர் என்று கேட்டு வளர்ந்த வாய் 'நாங்க' என்றுதான் திறக்கும். கடிதம் எழுதியவர் அதை ஆராயப் போகவில்லை. அவர் வேலை அதுவல்ல. காதில் விழுந்ததை மட்டும் சொன்னார்.

நிறுவனங்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்குச் சட்டப் பயத்தைச் சொல்வார்கள். பயம் பொய்யில்லை. சொன்ன காரணம் சாட்சியாகிவிடும். சி. பி. முத்தம்மா 1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்று வெளியுறவுப் பணிக்குப் போன முதல் பெண். நேர்காணலில் தேர்வாணையத் தலைவர், அந்தப் பணி வேண்டாமென்று தன் மனத்தைத் திருப்பப் பார்த்தார் என்றும், தலைவர் என்ற செல்வாக்கைப் பயன்படுத்தி நேர்முகத்தில் தனக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போடவைத்ததைப் பின்னொரு நாள் அவரே தன்னிடம் சொன்னார் என்றும் முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும் என்ற விதியைக் கடுமையாகச் சாடியதும் அந்தத் தீர்ப்புதான். தலைவர் சொன்னதும் ஒரு காரணம், மிகத் தெளிவான காரணம். அநியாயமான காரணம் வெளியே வந்தால்தான் அதை அநியாயம் என்று எழுதிவைக்க முடிகிறது. 'பொருத்தம் இல்லை' என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் முத்தம்மா எதைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்திருப்பார்?

காரணம் சொல்வது கருணை என்ற பேச்சு எனக்கு அதனால் பிடிப்பதில்லை. தேர்வெழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. தனியார் நிறுவனத்தை அந்தச் சட்டம் அப்படிக் கட்டுப்படுத்தாது. ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து உங்களுக்காக 12 பக்கம் திருத்தியவளுக்கு, அந்தப் பக்கங்களைப் பற்றி ஏதோ ஒன்று கடன்பட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் இல்லை. 400 விண்ணப்பம் வந்தால் 400 கடிதம் எழுத முடியாது. முதல் சுற்றில் கழிந்தவர்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு யாரும் படித்திருக்கவும் மாட்டார்கள். கடைசிவரை வந்த இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் கேட்டவர்களுக்கு, அரை மணி நேரம் போதும். மதிப்பெண்ணை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவெடுத்த பிறகு காரணம் தேடினால் கிடைப்பது சாக்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதுவார்களாம். கல்லை மரச்சட்டம்போல மெலிதாக இழைத்து, ஆணி அடித்ததுபோலக் குமிழ்கூடச் செதுக்கிய அந்தக் கூரையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். எனக்குப் பிடித்தது அந்த எழுத்தின் துல்லியம். எங்களுக்குத் திறமை போதாது என்று பொதுவாக எழுதவில்லை. இந்த ஊர், இந்த உறுப்பு, இது மட்டும் எங்களால் ஆகாது. மற்றதெல்லாம் ஆகும்.

மாணவி அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறாள். தவளையை ஒப்புக்கொண்டுவிட்டாள். காலியாகக் கிடந்த ஓரத்தையும் ஒப்புக்கொண்டாள். இப்போது தம்பியின் பாடநூலை எடுத்து ஓரமெல்லாம் கேள்வி எழுதிப் பழகுகிறாள். ஒன்பதாம் பக்கத்து வாக்கியத்தில் மட்டும் பொருள் மாறவில்லை, மூலம்தான் தவறு என்று இன்னும் வாதாடுகிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். படித்துப் பார்த்தேன். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.