தணிந்து கேட்பது தவறா?

சம்பளத்தைக் கூட்டிக் கேட்க நினைக்கும் பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, "தயங்காமல் கேள்" என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதியை, ஹன்னா ரைலி பவுல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. வேலைக்குத் தேர்வானவர் தனக்குத் தரப்பட்ட சம்பளத்தை ஏற்றுக்கொள்வதையும், இன்னும் வேண்டும் என்று கேட்பதையும் வீடியோவில் பார்க்கவைத்து, இவரோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். ஆண் மதிப்பீட்டாளர்கள், கூட்டிக் கேட்ட ஆணைவிடக் கூட்டிக் கேட்ட பெண்ணையே அதிகம் வெறுத்தார்கள். பெண் மதிப்பீட்டாளர்களுக்குக் கேட்டவர் யாராக இருந்தாலும் பிடிக்கவில்லை. ஆக, பெண்ணின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். கேட்டால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இந்த விலையைக் குறைக்க முடியுமா என்று பவுல்ஸும் பாப்காக்கும் தொடர்ந்து தேடினார்கள். 2013-ல் வந்த அவர்கள் ஆய்வில் ஒரு வழி கிடைத்தது. வெறுமனே இதமாகப் பேசினால் பெண்ணைப் பிடித்துப்போகிறது, பணம் கூடவில்லை. காரணத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் பணம் கூடுகிறது, பெண்ணைப் பிடிக்காமல் போகிறது. கோரிக்கைக்கான காரணத்தையே நிறுவனத்தில் உள்ள உறவுகள் மீதான அக்கறையோடு இணைத்துச் சொன்னபோதுதான் இரண்டும் சேர்ந்து கிடைத்தன. "என் டீம் லீடர்தான் இதைப் பற்றி உங்களிடம் பேசச் சொன்னார்" என்பது அப்படி ஒரு வாசகம். "இப்படிப் பேசி முடிக்கும் திறமை இந்த வேலைக்கும் உதவும் என்று நினைக்கிறேன்" என்பது இன்னொன்று.

அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது. ஆண் நேரடியாகக் கேட்டு வாங்குவதைப் பெண் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது சரியா? அப்படிக் கேட்கும் ஒவ்வொரு பெண்ணும், பெண் என்றால் தணிந்துதான் பேசுவாள் என்ற எதிர்பார்ப்பை இன்னும் உறுதியாக்குகிறாள். அடுத்து வருபவள் தணியாமல் பேசினால் அவளுக்கு விழும் அடி பலமாகிறது. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் வழக்கத்தை உடைக்கும் பொறுப்பை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அடுத்த மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் பெண், பெண்ணினம் முழுவதற்காகவும் அந்தப் பத்து நிமிடப் பேச்சில் போராட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. பாதிக்கப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேர்வதில் குற்றம் இல்லை. நேராகக் கேட்டு அந்த வெறுப்பைத் தாங்கும் கடமை யாருக்காவது உண்டென்றால், அது வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாத மூத்த அதிகாரிகளுக்குத்தான் உண்டு. அவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் சரி.

ஒரு எல்லை மட்டும் வேண்டும், அது பொய். டீம் லீடர் சொல்லாதபோது சொன்னதாகச் சொல்லக் கூடாது. அறம் ஒருபக்கம் இருக்கட்டும், ஹெச்.ஆர். ஒரு போன் போட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். ஒரு வாரம் முன்பே அவரிடம் போய், "நான் சம்பளம் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவரும் பேசச் சொல்லிவிட்டால் அந்த வாசகம் உண்மையாகிவிடும்.

நம் ஊர் நிலவரத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரே தகுதியும் ஆறு ஆண்டு அனுபவமும் உள்ள இருவர். ஆணுக்கு ஆண்டுக்கு 10 லட்சம். பிரசவத்துக்குப் பின் இரண்டு அப்ரைசலில் பின்தங்கிய பெண்ணுக்கு 7 லட்சம். புதிய கம்பெனியில் இருவரிடமும் ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் சி.டி.சி. எவ்வளவு?" அதன்மேல் 30 சதவீத ஹைக் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆணுக்கு 13 லட்சம், பெண்ணுக்கு 9 லட்சத்து 10 ஆயிரம். மூன்று லட்சமாக இருந்த இடைவெளி 3 லட்சத்து 90 ஆயிரமாகிவிட்டது. புதிய கம்பெனியில் யாரும் எந்தப் பாகுபாடும் காட்டவில்லை. பழைய பாகுபாட்டை சதவீதம் சுமந்து வந்து சேர்த்துவிட்டது.

அதனால் இந்தப் பெண்ணின் தயாரிப்பு சதவீதத்தை விட்டு வெளியே வருவதில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பதவிக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று அதே வேலை பார்க்கும் ஆண்களிடமும் விசாரிக்க வேண்டும். தோழிகளிடம் மட்டும் கேட்டால், குறைத்து வாங்குபவர்களின் சராசரிதான் கையில் கிடைக்கும், அதுவே நியாயமான தொகை என்று தோன்றிவிடும். விசாரணையில் 12 முதல் 14 லட்சம் என்று தெரிந்தால் பேச்சு இப்படி அமையலாம்: "இப்போது வாங்குவது 7 லட்சம். இந்தப் பொறுப்புக்கு வெளியே 12 முதல் 14 வரை கொடுக்கிறார்கள். முழு டெஸ்டிங் டீமையும் நானே பார்த்துக்கொள்ளப் போகிறேன், அதனால் 13 எதிர்பார்க்கிறேன். எங்கே வைத்தால் உங்கள் டீமுக்கும் சரியாக வரும் என்று சேர்ந்து பார்க்கலாமா?" பழைய சம்பளத்தை ஏற்றிச் சொல்வது ஆபத்து. பே-ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் சரிபார்ப்பில் வந்துவிடும்.

மறுப்பு வந்தால் அதன் சொற்களைக் கவனிக்க வேண்டும். "இந்த கிரேடில் 12-க்கு மேல் பட்ஜெட் இல்லை" என்றால் அது தொகையைப் பற்றிய பதில், அதற்குள் பேசலாம். எத்தனை சதவீதம் வேரியபிள் என்று கேட்டு, நிலையான பங்கைக் கூட்டச் சொல்லலாம். "வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறார்தானே?", "வந்த உடனேயே இவ்வளவு கறாரா?" என்றால் அந்தப் பதில் வேலையைப் பற்றியதே அல்ல. அப்போது எந்த இதமான வாசகமும் உதவாமல் போகலாம். தயாரிப்பால் முடிவது அவ்வளவுதான் என்பதையும் அவளிடம் சொல்லித்தான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தோல்விக்கும் அவள் தன்னையே நொந்துகொள்வாள்.

வேலை கொடுப்பவர் பக்கம் சில மாற்றங்கள் மிக எளியவை. லைப்ராண்ட், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை விளம்பரம் சம்பளப் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது பெண்களைவிட ஆண்களே அதிகம் பேரம் பேசினார்கள். சம்பளம் பேசி முடிவு செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த வேறுபாடு மறைந்தது.

அதைவிடக் கடினமான கேள்வி, பெண் கேட்காமல் விட்டுவிடும்போது வருகிறது. பட்ஜெட் 13 லட்சம், அவள் 9 லட்சத்து 10 ஆயிரத்துக்குச் சந்தோஷமாகத் தலையாட்டுகிறாள். மிச்சப்பட்ட 3 லட்சத்து 90 ஆயிரத்தை ஹெச்.ஆர். சாமர்த்தியமாக நினைக்கலாமா? "அவரே ஒப்புக்கொண்டாரே" என்பதுதான் அங்கே வரும் பதில். 1987-ல் மெக்கின்னன் மெக்கென்சி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் முன்பும் இதற்கு நெருங்கிய வாதம் வந்தது. பெண் ஸ்டெனோகிராஃபர்களுக்கு அதே வேலை செய்த ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்த நிறுவனம், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டியது, பணநெருக்கடியையும் சொன்னது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு முன் இரண்டும் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அதே வேலைக்கு 13 லட்சம் வாங்குபவர் இருக்கும்போது, கையெழுத்து வாங்கும் முன் இந்தப் பெண்ணிடம் பட்ஜெட்டைச் சொல்லி, ஆஃபர் லெட்டரில் தொகையைத் திருத்திக் கொடுக்க வேண்டியது அந்த ஹெச்.ஆரின் கடன்.