பங்குனியில் தெரியும் ஆடிப் பள்ளம்

காவிரி டெல்டாவில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தால், அடுத்த பணம் குறுவை விற்ற பிறகுதான். நடுவில் ஏழெட்டு மாதம்.

இரண்டு ஏக்கர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்ச் தொடக்கத்தில் கையில் 1,00,000 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 10,000; பால் வரவு 3,000. மே முடிவில் 79,000 மிஞ்சுகிறது, கவலையே இல்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம் 25,000, உழவு, விதை, நடவுக்கு 30,000 போக, மாதச் செலவும் சேர்ந்து இருப்பு 17,000 ஆகிறது. ஜூலையில் களையெடுப்புக்கும் உரத்துக்கும் 12,000 கொடுத்ததும் 2,000 ரூபாய் பற்றாக்குறை. செப்டம்பரில் அறுவடை இயந்திர வாடகை 8,000 சேர, அது 24,000 ஆகிவிடுகிறது.

மார்ச்சில் லட்ச ரூபாயை நம்பிக் காதுகுத்தைப் பெரிதாக நடத்தினால், ஜூலையில் வட்டிக்காரர் வாசல்தான். பள்ளத்தின் மாதமும் ஆழமும் முன்பே தெரிந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு நேரத்தோடு மனுக் கொடுக்கலாம்.

இதற்குப் பழைய கணக்கு நோட்டு வேண்டும். நெல் போட்ட தேதியை விட, பணம் கைக்கு வந்த தேதிதான் அதில் முக்கியம். மூன்று வருடக் கணக்கு இருந்தால் சராசரியை எடுக்க வேண்டாம். பணம் மிகத் தாமதமாக வந்த வருடத்தை வைத்தே திட்டமிடுங்கள்.