மாங்கூழ் ஆலையும் மூன்றாண்டுச் சான்றிதழும்

சித்தூரிலிருந்து பலமனேர் போகும் சாலையில் பங்காருபாளையம் வரும். ஜூன் பிறந்தால் அங்கே மாங்காய் மண்டியில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் தோத்தாப்புரி; நம் பக்கத்தில் கிளிமூக்கு என்போமே, அதுதான். அதைப் பழுக்கவைத்துக் கூழாக்கும் ஆலைகள் சித்தூர் மாவட்டத்தில் நிறைய உண்டு. பருவம் ஓடுகிற சில வாரங்களில்தான் இந்த ஆலைகளில் கூழ் காய்ச்சுவார்கள். இப்படி ஒரு சிறு ஆலை ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்றிதழுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

சான்றிதழை ஐ.எஸ்.ஓ. தருவதில்லை. அது ஜெனீவாவில் இருந்துகொண்டு விதிநூலை மட்டும் எழுதுகிறது. சான்றிதழ் தருவது தனிச் சான்று நிறுவனங்கள். அவற்றுக்கு நம் நாட்டில் அங்கீகாரம் வழங்கும் அமைப்பு என்.ஏ.பி.சி.பி. பணம் கட்டினால் மூன்றே நாளில் சான்றிதழ் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த அங்கீகாரத்தைக் கேளுங்கள். ஏற்றுமதி வாங்குபவர் அதைத்தான் தேடுவார்.

முதல் தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டம் ஆலை தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது. சான்றிதழ் எந்த வேலைக்கு, நடைமுறைகள் எழுத்தில் உள்ளனவா, ஆலையே தன்னைச் சோதித்துக்கொள்ளும் உள்தணிக்கையும் உரிமையாளர் உட்கார்ந்து செய்யும் மேலாண்மைப் பரிசீலனையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்பார்கள். இதற்கு இயந்திரம் ஓட வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் முடித்துவிடலாம்.

இரண்டாம் கட்டம் அப்படியல்ல. எழுதியதைச் செய்கிறார்களா என்பதை வேலை நடக்கும்போதுதான் பார்க்க முடியும். ஆடிட்டர் கிடங்கில் அடுக்கியிருக்கும் 3.1 கிலோ டின்களில் ஒன்றை எடுத்து, அதன் லாட் எண்ணைக் குறித்துக்கொள்வார். அது எந்த நாள் காய்ச்சல், எந்தப் பழுக்கவைக்கும் அறை, எந்த வண்டிச் சீட்டு என்று பின்னோக்கிப் போவார். அன்றைய பதிவேட்டில் 14 பிரிக்ஸ் என்று இருந்தால் கேள்வி அங்கே முடிவதில்லை. அளந்த ரிஃப்ராக்டோமீட்டர் எது, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்பார். காய்ச்சி வடித்த நீரின் ஒரு சொட்டை வைத்தால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். பதிவேட்டில் ஒரு நாள் சரிபார்ப்பு விட்டுப்போயிருந்தால் அது சிறு குறை, மைனர் என்.சி. பருவம் முழுக்க யாருமே சரிபார்க்கவில்லை என்றால் இனிப்பு அளவு எதையும் நம்ப முடியாது. அது மேஜர் என்.சி. ஆகலாம். ஒவ்வொரு நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மாறாத 14.2 என்று நிரம்பியிருக்கும் ஏட்டைப் பார்த்த உடனே அனுபவசாலிக்குத் தெரிந்துவிடும், ஒரே மூச்சில் எழுதியது என்று.

தணிக்கை எத்தனை நாள் என்பது ஆலையில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரு கட்டங்களுக்கும் சேர்த்துத் தொடக்கக் கணக்கு, 16 முதல் 25 பேர் வரை 3 நாள். 26 முதல் 45 பேர் வரை 4 நாள். பருவத்துக்கு வரும் கூலியாட்களும் இந்தக் கணக்கில் சேருவார்கள். ஒரே வேலையைப் பலர் செய்தால் எண்ணிக்கையைக் குறைக்க இடமுண்டு.

மேஜர் குறை இருந்தால் காரணத்தைக் கண்டு திருத்தி, திருத்தத்தை ஆடிட்டர் ஏற்ற பிறகே சான்றிதழ் வரும். இரண்டாம் கட்டத்தின் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அது முடியாவிட்டால் இரண்டாம் கட்டத்தையே மறுபடி நடத்த வேண்டும். பருவ ஆலைக்கு இங்கேதான் சிக்கல். ஜூலைக் கடைசியில் தணிக்கை வைத்து மேஜர் குறை வந்தால், திருத்தத்தை ஓட்டிக் காட்ட அடுத்த ஜூன் வரை பழம் கிடையாது. அதனால் ஜூன் நடுவிலேயே வைத்துவிடுங்கள். திருத்திக் காட்ட இன்னும் சில வாரக் காய்ச்சல் கையில் இருக்கும்.

சான்றிதழின் ஆயுள் 3 ஆண்டு, இடையில் கண்காணிப்புத் தணிக்கைகளோடு. சான்றிதழ் முடிவு 2025 ஜூலை 30 என்று வைத்துக்கொள்வோம். முதல் கண்காணிப்பு அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், அதாவது 2026 ஜூன், ஜூலையில். அடுத்தது 2027 பருவத்தில். ஒவ்வொன்றும் முதல் தணிக்கையின் நாள்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. “இப்போது வேலை நெருக்கடி, ஜனவரியில் வாருங்கள்” என்றால் தேதி தவறும், சான்றிதழ் நிறுத்திவைக்கப்படலாம்.

2028 ஜூலை இறுதியில் காலாவதி. மறுசான்றுத் தணிக்கை மட்டுமல்ல, அதில் வரும் மேஜர் குறையின் திருத்தமும் அதற்குள் முடிய வேண்டும். அந்த ஆண்டு பருவம் தாமதித்தால் நாள் கைக்குள் அடங்காது. தவறினாலும், பாக்கி வேலையை 6 மாதத்துக்குள் முடித்தால் சான்றிதழைத் திரும்பப் பெறலாம். ஆனால் இடைப்பட்ட நாள்களில் ஆலைக்குச் சான்றிதழ் இல்லை, புதிய சான்றிதழின் காலாவதியும் பழைய சுழற்சியின்படியே கணக்கிடப்படும். அதையும் தாண்டினால் குறைந்தது இரண்டாம் கட்டத் தணிக்கை மீண்டும்.

இன்னொன்று. சான்றிதழ் கிடைத்ததும் டின் லேபிளில் சான்று நிறுவனத்தின் முத்திரையை அச்சடித்துவிடுவார்கள். அது கூடாது. சான்று பெற்றது ஆலையின் மேலாண்மை முறை. டின்னுக்குள் இருக்கும் கூழ் அல்ல. கண்காணிப்புக்கு வரும் ஆடிட்டர் லேபிளையும் பார்ப்பார்.