மௌலிதும் பித்அத்தும்

ரபீஉல் அவ்வல் பிறை கண்டதும், வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், முஸ்லிம் இல்லங்கள் சிலவற்றில் சுப்ஹான மௌலிது ஓதப்படும். அரபு உரைநடையும் பாடலும் மாறிமாறி வரும். ஓரிடத்தில் சபையினர் எழுந்து நின்று நபிகளாருக்கு ஸலாம் உரைப்பர். ஈற்றில் நார்சா பகிரப்படும். அயலிலேயே மற்றொரு முஸ்லிம் இல்லம் இஷாத் தொழுகையோடு அன்றைய இரவை முடித்துக்கொள்ளும். அவ்வில்லத்தாருக்கு நபிமீது அன்பில்லை எனக் கருதுவது பெரும் பிழை.

நபிகளாரோ தோழர்களோ இவ்விழாவை எடுத்ததில்லை என்பதை இரு சாராருமே ஏற்பர். எகிப்தின் பாத்திமிய அரசவையில் தோன்றி, பின்னர் அர்பில் நகரை ஆண்ட முழப்பருத்தீன் (மறைவு 1233) காலத்திலே ஸுன்னி உலகில் அது பெருவிழாவாயிற்று. ஆகவே பிணக்கு வரலாறு பற்றியதன்று. முன்னோர் செய்யாமை தடையாகுமா என்பது பற்றியதே.

மார்க்கத்தில் புதிதாய்ப் புகுத்தப்படும் ஒவ்வொன்றும் வழிகேடு என்னும் நபிமொழியை மறுப்போர் காட்டுவர். ஆதரிப்போரோ, ரமழான் இரவுத் தொழுகைக்கு மக்களை ஓர் இமாமின் பின் ஒன்றுசேர்த்த உமர் (ரலி) அதனை நல்ல பித்அத் என்றதைச் சுட்டுவர். இச்சான்று அத்துணை வலிதன்று என்பது என் கருத்து. நபிகளாரே சில இரவுகள் அத்தொழுகையை நடத்தி, அது கடமையாகிவிடுமோ என அஞ்சி நிறுத்தியிருந்தார்.

குர்ஆனை ஒரு நூலாகத் தொகுத்தமை இதனினும் வலிய சான்று. நபிகளார் செய்யாததை நாம் செய்வதா என அபூபக்ர் (ரலி) முதலில் தயங்கினார். இதற்கு இப்னு தைமிய்யா வகுத்த விதி விடையாகிறது: யமாமாப் போரிலே குர்ஆனை மனனமிட்டோர் பலர் மடிந்த பின்னரே தொகுக்கும் தேவை எழுந்தது, நபிமீதான அன்போ அவர் வாழ்நாளிலேயே நிறைந்திருந்தது, விழா எடுக்கத் தடையும் இருக்கவில்லை, எனினும் எவரும் எடுக்கவில்லை. அவர் கண்முன் இருந்தபோது நினைவூட்டல் எதற்கு என்பர் ஆதரிப்போர். தாம் பிறந்த நாள் என்று திங்கட்கிழமை நோன்புக்கு அவரே காரணம் கூறியதையும் எடுத்துரைப்பர். அது வாராந்த நோன்பு, ஆண்டு விழாவன்று என மறுமொழி வரும்.

எனவே, அக்கூட்டம் தன்னளவில் ஒரு வணக்கமா, அன்றி நபிகளாரின் வரலாற்றைக் கேட்பதற்கான வழியா என்பதே தேர்வுக்குரியது. வழி எனின் நாளை மாற்றலாம், எழுந்து நிற்காமலும் இருக்கலாம். பன்னிரண்டாம் இரவுக்கே தனி நன்மை உண்டென்றோ, நில்லாதவன் நபியை அவமதித்தான் என்றோ சபையினர் எண்ணத் தொடங்கின், ஆதரிப்போரின் வாதம் அவர்கள் கையாலேயே முறிகிறது. மறுப்போரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். விழாவைப் பித்அத் என்ற அதே இப்னு தைமிய்யா, அதனை எடுப்போர் தம் அன்புக்கும் நல்லெண்ணத்துக்கும் நற்கூலி பெறக்கூடும் என்றும் எழுதினார். நார்சாத் தட்டை முகஞ்சுளித்துத் திருப்பியனுப்புவோர் அப்பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.