திருத்தப்பட்ட பத்தி யாருடையது?

வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உபகாரச் சம்பளக் கட்டுரையை எழுதி முடித்ததும், ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "கிராமர் மட்டும் பாத்துக் கொடுங்க" என்பதுதான் வேண்டுகோள். அந்த 'மட்டும்' என்ற சொல் அவ்வளவு எளிதானதல்ல. இலக்கணத்தைத் தொட்டால் உண்மையைத் தொடாமல் இருக்க முடியுமா?

நான் பார்த்த பல கட்டுரைகளின் பொதுப் பிழைகளைச் சேர்த்து ஒரு பத்தியைக் கோத்திருக்கிறேன். எழுதியவள் ஒரு லாரி ஓட்டுநரின் மகள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஐ யாம் கமிங் ஃப்ரம் எ வெரி புவர் ஃபேமிலி. மை ஃபாதர் வொர்க் லாரி டிரைவர் சின்ஸ் லாஸ்ட் டைம். ஹி ஆல்வேஸ் டெல் மீ டோன்ட் பிகம் லைக் மீ. ஃப்ரம் யங் ஐ ஹேவ் எ பர்னிங் பேஷன் டு சேஞ்ச் த வோர்ல்ட்."

முதல் வாக்கியத்தின் பிழை சாதாரணமானது. தமிழில் 'வருகிறேன்' என்ற ஒரே சொல் இப்போது வந்துகொண்டிருப்பதையும் சொல்லும், வழக்கமாக வருவதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'ஐ கம் ஃப்ரம்' என்று மாற்றினால் போதும், பொருள் கெடாது. இப்படிப்பட்ட பிழைகளை ஒன்றுவிடாமல் திருத்திவிட வேண்டும். 'கொஞ்சம் பிழை இருந்தால்தான் அசலாக இருக்கும்' என்று சிலர் விட்டுவைப்பார்கள். அதுவும் ஒருவகை வேஷம்தான். ஏழைப் பிள்ளைக்குக் கிழிந்த சட்டை போட்டு மேடையேற்றுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டாவது வாக்கியத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'லாஸ்ட் டைம்' என்பதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் 'முன்னெல்லாம்' என்ற பொருளில் புழங்குகிறோம். மலாயில் 'டூலு' என்று சொல்வது போல. வெளிநாட்டு வாசகருக்கு அது 'கடைசி முறை'. 'வொர்க்' என்ற வினையோ காலமே காட்டாமல் நிற்கிறது. மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது என்பதால், மலாயில் பள்ளிப் பாடம் படித்த பிள்ளைக்கு அது பிழையாகவே தெரிவதில்லை. சரி, திருத்துபவர் என்ன செய்வார்? 'சின்ஸ்' இருப்பதைப் பார்த்து, கைப்பழக்கத்தில் 'ஹேஸ் வொர்க்ட்' என்று போடுவார். இலக்கணம் சுத்தமாகிவிடும். ஆனால் அதற்குப் பொருள், அப்பா இன்றும் லாரி ஓட்டுகிறார் என்பது. உண்மையில் ஓட்டுகிறாரா?

கேட்டால்தான் தெரியும். கேட்டபோது அவள் இப்படிச் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம்: "இல்ல சார், 19 வருஷம் ஓட்டுனாரு. முதுகு போயிருச்சு. இப்ப ரெண்டு வருஷமா ஒரு ஃபேக்டரி கேட்ல ஜாகா." அப்படியானால் சரியான காலம் இறந்தகாலம். 'ஹேஸ் வொர்க்ட்' என்று போட்டிருந்தால் ஒரு பொய் கட்டுரைக்குள் போயிருக்கும், அதை எழுதியவர் திருத்தியவராக இருந்திருப்பார். காலம் காட்டும் விகுதி இலக்கண விஷயம் போலத் தோன்றினாலும் அது நடந்ததைப் பற்றிய சாட்சி. சாட்சி சொல்ல வேண்டியவள் அவள்.

மூன்றாவது வாக்கியத்தில் வேறொரு ஆபத்து. 'தன்னைப் போல் ஆகிவிடக்கூடாது என்று அப்பா எப்போதும் கூறினார்' என்று அயற்கூற்றாக மாற்றினால் பிழையில்லை. ஆனால் அப்பாவின் குரல் போய்விடும். அவர் சொன்னது "என்ன மாதிரி ஆயிடாதடா" என்பது. மேற்கோள் குறிக்குள் அதை அப்படியே ஆங்கிலப்படுத்தி வைப்பதே நியாயம். இங்கே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: அப்பா சொன்னதை நீ ஒத்துக்கொள்கிறாயா? வாக்கியம் இருக்கிற நிலையில், அவர் தப்பித்து ஓட வேண்டிய ஒரு முன்னுதாரணமாக மட்டும் நிற்கிறார். மகள் அப்படி நினைக்கவில்லை என்றால், அதற்கு அடுத்து அவளுடைய பதிலும் வர வேண்டும்.

நான்காவது வாக்கியத்தில் 'ஃப்ரம் யங்' என்பதைச் சரிசெய்தால் இலக்கணம் முடிந்தது. ஆனால் பத்தியிலேயே பெரிய பிழை அதுதான். உலகத்தை மாற்றும் கொழுந்துவிட்டெரியும் வேட்கை அவளுடையதல்ல. மாதிரிக் கட்டுரைகளிலிருந்து இரவல் வாங்கியது. அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. இப்படித்தான் பேச வேண்டும் என்று நம்பியிருக்கிறாள். லயனல் டிரில்லிங் 1972-இல் வெளியிட்ட 'சின்சியாரிட்டி அண்ட் ஆதென்டிசிட்டி' நூலில், மனதில் உள்ளதும் வெளியே சொல்வதும் ஒத்துப்போவதையே நேர்மை என்று தொடங்குகிறார். அந்த அளவுகோலில் இந்த வாக்கியத்தைத் திருத்த வழியில்லை. எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்.

"வீட்ல நீ என்ன செய்வ?" என்று கேட்டால் போதும். நாலாம் ஆண்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாரங்களை நிரப்புவது அவள்தான். பள்ளி உதவிநிதி பாரம், அப்பாவின் லைசென்ஸ், பக்கத்து வீட்டுப் பாட்டியின் கிளினிக் அட்டை. அப்பாவின் கல்வித் தகுதி கேட்கும் கட்டம் வந்தால் அவர், "கோடு போட்ரு" என்பார். இதையெல்லாம் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "இது என்ன சார், எல்லா வீட்லயும் நடக்குறதுதானே?" என்கிறாள். எல்லா வீட்டிலும் நடப்பதில்லை என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. படித்தவர்கள் இருக்கும் வீட்டை அவள் உள்ளிருந்து பார்த்ததில்லையே.

இப்போது பத்தி தமிழில் இப்படி அமையும்: "என் அப்பா 19 வருடம் லாரி ஓட்டினார். முதுகுவலி வந்த பிறகு, 2 வருடமாக ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருக்கிறார். 'என்னைப் போல் ஆகிவிடாதே' என்பார். அவரைப் போல விடியுமுன் எழ எனக்குப் பிடிக்கும். அவரைப் போலக் கடிதத்தைப் பிரிக்கப் பயப்பட எனக்குப் பிடிக்காது. 10 வயதிலிருந்து வீட்டின் பாரங்களை நான்தான் நிரப்புகிறேன். அப்பாவின் கல்வி என்ற கட்டத்தில் கோடு போடச் சொல்வார். இந்த விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் இருக்கிறது." 'மிகவும் ஏழை' என்ற சொல் இதில் இல்லை. வருமானத்தைக் கேட்க விண்ணப்பத்தில் வேறு கட்டம் இருக்கிறது.

ஆனால் நெருடல் இங்கேதான். இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது என்பதாலேயே நாம் சந்தேகப்பட வேண்டும். அந்தக் கோட்டைத் தேடி எடுத்தது யார்? கேட்டவர் கேட்டிராவிட்டால் அது வந்திருக்காது. தேர்வுக்குழுவுக்குக் கண்ணீர் பிடிக்கும் என்று தெரிந்த திருத்துநர், பிள்ளையின் வீட்டுக்குள் புகுந்து துயரத்தைத் தோண்டி எடுக்கும் தரகராகிவிட முடியும். ஒரு விவரம் உண்மை என்பது ஒன்று, அதை வெளியே சொல்ல அவளுக்கு மனம் இருக்கிறதா என்பது வேறு. பொய்யை நீக்கச் சொல்லித் திருத்துபவர் வற்புறுத்தலாம். உண்மையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த அவருக்கு உரிமையில்லை.

இரண்டையும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முடித்த பத்தியை வீட்டில் அப்பாவிடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். தனக்கே புரியாத இரவல் வாக்கியம் தமிழில் வாயில் நுழையாது. 'கொழுந்துவிட்டெரியும் வேட்கை' என்று அப்பா முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கோட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரிக்கலாம், பேசாமலும் இருந்துவிடலாம். அவர் முகம் சுருங்கினால் வாக்கியம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கதை அவளுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது அப்போது தெரியும். வைப்பதா, எடுப்பதா என்பதை அப்பாவும் மகளும்தான் முடிவு செய்ய வேண்டும். திருத்துபவர் அந்த நேரத்தில் பேனாவை மூடிவைத்திருக்க வேண்டும்.