தேதியைச் சொல்லாத கருணை

வியாபாரம் மந்தமாகும்போது ஃபேரர் பார்க் வட்டாரத்துக் கடைகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். ஆளைக் குறைப்பதென்று முதலாளி மனத்தில் முடிவாகிவிட்டிருக்கும்; வாயில் மட்டும் வராது. "பாவம், இந்த மாதமாவது நிம்மதியாக இருக்கட்டும்" என்று தள்ளிப் போட்டு, கடைசி நாள் மாலை கல்லாவைப் பூட்டும் நேரத்தில் சொல்லுவார். இதைக் கருணை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது யாருக்குக் கருணை என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை ஏறிவிட்டது, வரும்படி இறங்கிவிட்டது. இருவரை அனுப்பியே தீரவேண்டும். ஒருவர் இவ்வூர்ப் பிரஜையான காசாளர்; எட்டு ஆண்டு வேலை, மாதம் 2,000 வெள்ளி சம்பளம். மற்றவர் இராமநாதபுரத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த சமையற்காரர்; வந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதப்படாவிட்டால், சட்டப்படி காசாளருக்கு நான்கு வாரமும் சமையற்காரருக்கு இரண்டு வாரமும் முன்னறிவிப்புத் தரவேண்டும். கெடுவுக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கையில் கொடுத்து உடனே அனுப்பவும் சட்டம் இடந்தருகிறது.

காசாளருக்கு அது பெரும் நஷ்டமன்று. பணத்தோடு வீட்டிலிருந்தே வேலை தேடலாம். சமையற்காரர் நிலை வேறு. வேலை முடிந்து ஒரு வாரத்துக்குள் முதலாளி அவருடைய அனுமதிச் சீட்டை ரத்துச் செய்தாக வேண்டும். ரத்தாகும் முன்பு, நம் சம்மதத்தின் பேரில், வேறோர் உணவகத்துக்காரர் அவரைத் தம்மிடம் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க முடியும். ஆகவே அவருக்கு வேண்டியது நாட்கள்; பணம் அந்த நாட்களைத் தராது. ஆறு வாரம் முன்னதாகச் சொன்னால் அடுத்த தெருவிலேயே அடுப்புக் கிடைக்கலாம். கடைசி மாலையில் சொன்னால் ஊருக்கு விமானச் சீட்டுத்தான். அந்தச் சீட்டின் செலவும், புறப்படும்வரை உணவும் தங்குமிடமும் நம் பொறுப்பே என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்கூட்டிச் சொன்னால் வேலையில் மனம் ஒட்டாது, பாதியிலேயே போய்விடுவார் என்ற அச்சம் பொய்யன்று. சிலர் போகத்தான் செய்வர். ஆனால் இரண்டு வாரம் ஆளில்லாமல் சமாளிப்பது கடைக்குச் சிரமம்; அவருக்கோ ஊரில் வாங்கிய கடனே தலைமேல் நிற்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

இனிக் கடிதம். "நீயே ராஜினாமா எழுதிக்கொடு, உன் பேருக்கும் நல்லது" என்று கேட்பது பழகிப்போன தந்திரம். இதனால் காசாளர் இழப்பது பெரிது. 2025 ஏப்ரல் முதல், தம் குற்றமின்றி வேலை இழந்து, மாதம் 5,000 வெள்ளிக்கு மேற்படாமல் சம்பாதித்து வந்த பிரஜைகளுக்கு, வேலை தேடும் காலத்தில் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை அரசு உதவி தருகிறது. தாமாக விலகியவருக்கு அது கிடையாது. எனவே கடிதத்தில் "வியாபாரக் குறைவினால் ஆட்குறைப்பு" என்ற காரணமும், கடைசி வேலை நாளும் தெளிவாக இருக்கவேண்டும்.

ஆட்குறைப்புத் தொகை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் இரண்டு ஆண்டு வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்குள்ள வழக்கம். நம் காசாளருக்குக் குறைந்த கணக்கிலேயே பதினாறு வாரச் சம்பளம், சுமார் 7,385 வெள்ளி ஆகிறது. கடையில் அவ்வளவு இல்லையென்றால், கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டி, இயன்ற தொகையை இன்ன தேதிகளில் தருவோம் என்று எழுதிக் கொடுப்பது நேர்மை. "பிறகு பார்க்கலாம்" என்பது தொகையும் அன்று, தேதியும் அன்று.

பெரிய நிறுவனங்களிடமும் ஒன்று கவனிக்கத் தக்கது. 2020இல் தொற்றினால் முஸ்தபா சென்டரே சில வாரம் மூடிக் கிடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. அதற்கு முன்பே புதிய ஆள் சேர்ப்பதை நிறுத்தி, முன்கூட்டி ஓய்வு பெறவும் விரும்பி விலகவும் வழி திறந்திருந்தது. ஆகவே வேலை இழக்க நேர்ந்தவர் தொகை சுமார் 2,400 ஆகக் குறைந்தது. பன்னிரண்டு பேர் கடையிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம்: ஊருக்குத் திரும்ப எண்ணியிருந்தவர் எவரும் உண்டா என்று. கேட்காமலே பட்டியல் போட்டுவிடுகிறோம்.

பத்துப் பேருக்குக் குறையாத கடையானால், ஆளிடம் சொன்ன நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும். ஒருவரை அனுப்பினாலும் இதே விதி. சம்பளப் பாக்கியைக் கடைசி வேலை நாளன்றே கொடுக்கவேண்டும். இயலாவிட்டால் மூன்று வேலை நாளுக்குள். சமையற்காரரின் விமானம் அதற்கு முந்திப் புறப்படுமானால், அவர் கடையை விட்டு இறங்குமுன் பணம் அவர் கையில் இருக்கட்டும்.