ரிப்போர்ட்டில் இல்லாத காலைப்பொழுது

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். நான் டொராண்டோவில் இருக்கிறேன். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு அவர் கைக்குப் போவதற்கு முன்பே என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அம்மாவின் முழங்கால் வலியோ, மதியத்தில் வரும் அசதியோ அப்படி வந்து சேர்வதில்லை. கடல் தாண்டி வருபவை எண்கள் மட்டும்தான். அதனால் தொலைவில் இருக்கிற பிள்ளையின் கவலை எல்லாம் அந்த எண்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கவலையோடுதான் அம்மாவின் டாக்டருக்குக் கடிதம் எழுத உட்காருகிறோம். ஆனால் எண்கள் டாக்டரிடமும் இருக்கின்றன. நம்மைவிட நன்றாக அவற்றைப் படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். அப்படியானால் கடிதத்தில் எழுத நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஆகஸ்டில் வந்த ஒரு ரிப்போர்ட்டால். அம்மாவுக்கு வயது 71. பல வருடங்களாகத் தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். ஜனவரியில் அவருடைய டிஎஸ்எச் 3.1. ஆகஸ்டில் அது 9.8 என்று தடித்த எழுத்தில் வந்தது. ஃப்ரீ டி4 கீழ் எல்லைக்கு அருகில் இருந்தது. பி12 அளவு 198 என்று, அதுவும் குறைவாக இருந்தது. ஜூனில் 14 ஆக இருந்த வைட்டமின் டி மட்டும் 38க்கு ஏறியிருந்தது.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பி தருவது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'எனக்கு இன்னும் தைராய்டு ஹார்மோன் வேண்டும்' என்று அனுப்பும் கேட்பு அது. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் கேட்பு கூடும். அம்மாவின் உடல் கூடுதலாகக் கேட்கிறது என்பதுதான் 9.8இன் பொருள். கொடுக்கும் மாத்திரையின் அளவு போதாமல் கேட்கிறதா, கொடுப்பது உள்ளே போய்ச் சேராமல் கேட்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. முதலாவது என்றால் 75ஐ 100 ஆக்க வேண்டும். இரண்டாவது என்றால் மாத்திரையைக் கூட்டுவது தவறான வழி. ரிப்போர்ட்டை எத்தனை முறை புரட்டினாலும் இரண்டில் எது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அம்மாவின் காலைப்பொழுதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் எழுதுவதற்கு முன் அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். "காலையில எழுந்ததும் என்னம்மா பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டேன். ஐந்தரைக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டு, பிரிட்ஜ் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து காலை மாத்திரைகளை எடுத்து ஒரே தடவையில் விழுங்குவதாகச் சொன்னார். தைராய்டு மாத்திரை, முழங்கால் வலிக்காகப் போன எலும்பு டாக்டர் ஜூனில் எழுதிய கால்சியம் மாத்திரை, அவரே எழுதிய வயிற்றுப் புண் வராமல் இருப்பதற்கான மாத்திரை, மூன்றும் சேர்ந்து. ஐந்து நிமிடத்தில் காபி. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மட்டும் இட்லிக்குப் பிறகு.

மருந்துச் சீட்டுகள் இரண்டையும் கேமரா முன் காட்டச் சொன்னேன். இரண்டு சீட்டிலும் இந்த மூன்று மாத்திரைகளுக்கும் எதிரே 1-0-0 என்று எழுதியிருந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. அம்மா அதை அப்படியே பின்பற்றியிருக்கிறார். தைராய்டு டாக்டர் எழுதியதில் பிழை இல்லை; எலும்பு டாக்டர் எழுதியதிலும் பிழை இல்லை. ஆனால் 'காலை' என்று ஒரு கட்டம்தான் சீட்டில் இருக்கிறது. அந்தக் காலைக்குள்ளேயே தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டத்தால் சொல்ல முடியாது. கால்சியம் குடலில் தைராய்டு மருந்தோடு ஒட்டிக்கொண்டு, அது ரத்தத்தில் கலக்காமல் தடுக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையும் இதையே செய்யும். காபியும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையாலும் மருந்து சரியாகக் கரையாமல் போகலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்துவிட்டு, காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஜனவரியில் காபி இருந்தது, கால்சியம் இல்லை, டிஎஸ்எச் 3.1. ஜூனில் கால்சியம் வந்தது, ஆகஸ்டில் 9.8. தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியபோது காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. இந்தத் தேதி வரிசை எந்த டாக்டரிடமும் இல்லை. ஒருவரிடம் ஒரு சீட்டு, இன்னொருவரிடம் இன்னொரு சீட்டு. இரண்டையும் ஒரே தாளில் சேர்ப்பதுதான் மகனின் கடிதம் செய்யக்கூடிய வேலை.

இதைக் கவனிக்காமல் மாத்திரையை 100 ஆக்கினால் என்ன ஆகும்? சில மாதம் எல்லாம் சரியாகவே தெரியும், டிஎஸ்எச் இறங்கும். பிறகு ஒரு நாள் கால்சியம் அட்டை தீர்ந்துபோய், அம்மா அதை வாங்காமல் விடுவார். அன்றிலிருந்து 100ம் முழுதாக உள்ளே போகும். இந்த வயதில் தைராய்டு மருந்து மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். எலும்புக்காகச் சாப்பிட்ட மாத்திரையில் தொடங்கிய விஷயம் எலும்புத் தேய்மானத்தில் போய் முடியலாம்.

டாக்டருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, அம்மாவின் அனுமதியோடு எழுதுகிறேன். ஜனவரியில் டிஎஸ்எச் 3.1, ஆகஸ்டில் 9.8. நடுவில் ஜூனில் எலும்பு டாக்டர் கால்சியம் 500, பேன்டோபிரசோல், எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு முறை வைட்டமின் டி 60,000 ஆகியவற்றை எழுதினார். வைட்டமின் டி முடிந்துவிட்டது, மற்றவை தொடர்கின்றன. தைராய்டு மாத்திரையையும் இவற்றையும் அம்மா காலை ஐந்தரைக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, உடனே காபி குடிக்கிறார். மாத்திரை தவறவிட்ட நாள் இல்லை. ஜூலையிலிருந்து அசதியும் மலச்சிக்கலும் இருப்பதாகச் சொல்கிறார். மெட்ஃபார்மின் சாப்பிடத் தொடங்கி ஒன்பது வருடம். பி12 198, இரவில் உள்ளங்கால் எரிகிறது. இரண்டு சீட்டுகளையும் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். அளவைக் கூட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்க்கலாமா?"

இதில் நான் எழுதாமல் விட்டவையும் உண்டு. இணையத்தில் படித்த கட்டுரை இல்லை, என் ஊகம் இல்லை, ஒன்றுக்கு மேல் கேள்வி இல்லை. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிற ஒருவர் இரண்டு நிமிடத்தில் படித்து முடிவெடுக்க இது போதும். ரிப்போர்ட்டை முழுதாக அனுப்பினேன். எண்ணை மட்டும் வெட்டி அனுப்பினால் அலகு தெரியாமல் போகும். கனடாவில் வைட்டமின் டியை வேறு அலகில் அளக்கிறார்கள். இந்திய ரிப்போர்ட்டின் 14 இங்கே 35. என் ரிப்போர்ட்டையும் அம்மாவுடையதையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நோயாளி சார்பில் பராமரிப்பவர் டாக்டரோடு பேசலாம் என்று இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. விதி அப்படிச் சொல்லாவிட்டாலும் படித்துக் காட்டுவதுதான் நியாயம். உடம்பு அவருடையது. கேட்டுக்கொண்டிருந்த அம்மா நடுவில் நிறுத்தினார். கால் எரிச்சல் எனக்குத் தெரியாத செய்தி. அதைச் சேர்க்கச் சொன்னது அவர்தான். "இதெல்லாம் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லலையாம்மா?" என்றேன். "வெளியில அத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்கப்பா. அவங்க தைராய்டைத்தானே பார்க்கறாங்க, காலைப் பத்தி எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் உடல் பி12ஐ உறிஞ்சுவது குறையலாம், பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் எரியலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எது சம்பந்தப்பட்டது, எது சம்பந்தமில்லாதது என்று நோயாளியே தீர்மானித்துவிட்டால் பாதிச் செய்தி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

டாக்டர் அன்று மாலையே பதில் அனுப்பினார். தைராய்டு மாத்திரை 75 அப்படியே இருக்கட்டும். காலையில் அது மட்டும் தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. வயிற்று மாத்திரை இனித் தேவையில்லை. பி12க்கு ஊசி. எட்டு வாரம் கழித்து, அன்றைய மாத்திரையைச் சாப்பிடும் முன் அதே லேபில் மறுபடி பரிசோதனை.

அந்த எட்டு வாரம்தான் தொலைவில் இருப்பவனுக்குக் கடினம். இங்கிருந்தே பணம் கட்டினால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். அடுத்த வாரமே பார்த்துவிடலாமே என்று கை போகும். ஆனால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகிறது. புது அளவு ரத்தத்தில் நிலைபெற்று, பிட்யூட்டரியும் அதற்கேற்ப அடங்க ஆறு வாரமாவது வேண்டும். அதற்கு முன் எடுக்கும் பரிசோதனை பாதி வழியில் இருக்கும் எண்ணைக் காட்டி, தேவையில்லாத மாற்றத்துக்கு இழுத்துப்போகும். என் பதற்றத்தைத் தணிக்க அம்மாவின் கையில் ஊசி குத்துவது அக்கறை ஆகாது.

அக்டோபர் முடிவில் டிஎஸ்எச் 4.6. லேபின் எல்லை 4.2 என்பதால் அதையும் தடித்த எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள். அந்த எல்லை இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒன்றுதான். ஆனால் வயது ஏற ஏற டிஎஸ்எச் இயல்பாகவே சற்று உயரும். 70-80 வயதைத் தாண்டியவர்களுக்கு 4 முதல் 6 வரை இலக்கு வைக்கலாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதலே சொல்கிறது. டாக்டர் அந்தத் தடித்த எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. அசதி குறைந்திருக்கிறதா என்று அம்மாவைத்தான் கேட்டார். குறைந்திருந்தது.

தூரத்தில் இருந்துகொண்டு பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ரிப்போர்ட்டைக் கேட்பதற்கு முன் நாளைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த மாத்திரையை எதோடு விழுங்கினார்கள், எது புதிதாக வந்தது, எது தீர்ந்துபோயிற்று. கேட்பதற்கு நேரமும் பொறுமையும் போதும், மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. டாக்டருக்கு இருக்கும் பத்து நிமிடத்தில் அவரால் இதைக் கேட்டு முடிக்க முடியாது. நம்மால் முடியும். இப்போது அம்மா டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும், சாப்பிடும் நேரத்தையும் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறார். எலும்பு டாக்டருக்கும் அதே தாள்தான். என் கடிதம் செய்ய வேண்டியிருந்த வேலையை அம்மாவே செய்துகொள்கிறார். கடிதம் எழுதியதன் நோக்கமும் அதுவாகத்தான் இருக்க முடியும்.